தூங்கும் நேரத்தில் சார்ஜ் இறங்குகிறதா? பேட்டரி கணக்கை வைத்து ஆப்பைக் கண்டுபிடிப்பது

இரவு படுக்கும்போது 88 இருந்தது, காலையில் எழுந்து பார்த்தால் 57. நடுவில் யாரும் போனைத் தொடவில்லை. ஆண்ட்ராய்டு போனில் இப்படி நடந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆப் இரவெல்லாம் விழித்திருக்கிறது என்று அர்த்தம். எந்த ஆப் என்பது போனிலேயே பதிவாகியிருக்கும். ஆனால் Settings-ல் பேட்டரி பக்கத்தைத் திறந்து, மேலே நிற்கும் பெயரைப் பார்த்து, அதை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அந்தப் பட்டியலைத் தப்பாகப் படிப்பது மிக எளிது. பாவம், ஒன்றும் செய்யாத ஆப்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

முதலில், எவ்வளவு இறங்கினால் அதிகம்?

நல்ல நிலையில் இருக்கும் போன், திரை அணைந்து, தொடாமல் கிடந்தால் மணிக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை இறங்கும். ஏழெட்டு மணி நேரத் தூக்கத்துக்கு நான்கிலிருந்து எட்டு சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சிம் போட்டிருந்தாலோ, படுக்கும் அறையில் சிக்னல் மந்தமாக இருந்தாலோ பத்து வரைகூடப் போகலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பதினைந்தைத் தாண்டினால் தேட வேண்டியதுதான்.

ஏன் அவ்வளவு குறைவாக இறங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து டோஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. திரை அணைந்து, போன் அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால், பிராசசரைத் தூங்க விட்டுவிடும். மெயில் பார்ப்பது, ஒத்திசைப்பது போன்ற வேலைகளை எல்லா ஆப்களுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் செய்ய, இடையிடையே சிறிது நேரம் மட்டும் எழுப்பும். நேரம் போகப் போக அந்த இடைவெளியும் நீண்டுகொண்டே போகும். இந்த நேரத்தில் சாதாரண ஆப் ஒன்று 'நான் விழித்திருக்க வேண்டும்' என்று கேட்டாலும் சிஸ்டம் காதில் போட்டுக்கொள்ளாது.

இதிலிருந்து தப்பிக்க ஆப்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு வாங்கியிருப்பது. ஆப்பை நிறுவும்போது 'பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட அனுமதிக்கவா' என்ற மாதிரி ஒரு கேள்வி வரும், நாமும் யோசிக்காமல் சரி என்று தட்டிவிடுவோம். அதுதான் விலக்கு. இன்னொன்று, நோட்டிஃபிகேஷன் பகுதியில் ஒரு அறிவிப்பை நிரந்தரமாகத் தொங்கவிட்டு, அதைக் காட்டிக்கொண்டே பின்னணியில் ஓடும் சேவை. பாட்டு ஓடுவது, வழிகாட்டி ஓடுவது எல்லாம் இந்த வகை. இரவில் பேட்டரியைத் தின்னும் ஆப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். தேடும்போது இதை மனதில் வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

போன் சூடாக இருக்கிறது, பட்டியலில் வேறு ஏதோ மேலே நிற்கிறது

அடிக்கடி பார்க்கும் நிலைமை இதுதான். காலையில் போனைக் கையில் எடுத்தால் லேசான வெதுவெதுப்பு. பிராசசர் தூங்கவில்லை என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். Settings → Battery → Battery usage என்று போய்ப் பார்த்தால் மேலே வீடியோ ஆப் ஒன்று இருக்கிறது. 'ராத்திரி நான் வீடியோவே பார்க்கலையே' என்று குழப்பம்.

அந்தப் பட்டியல் இரவுக்கான கணக்கு இல்லை என்பதுதான் விஷயம். பல போன்களில் அது கடைசியாக முழு சார்ஜ் ஆனதிலிருந்து இதுவரை நடந்த எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். சிலவற்றில் கடந்த 24 மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சார்ஜரைக் கழற்றி, பத்து மணி வரை வீடியோ பார்த்திருந்தால், அந்த நான்கு மணி நேரமும் உள்ளே வந்துவிடும். திரை எரியும்போது ஆகும் செலவு பெரியது என்பதால் இரவில் திருடியவன் பட்டியலில் நான்காவது ஐந்தாவது இடத்துக்குப் போய் ஒளிந்துகொள்வான்.

ஆகவே இரவை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிக்சல், சாம்சங் போன்ற பல போன்களில் பேட்டரி பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் குறிப்பிட்ட நேரத்துப் பட்டையைத் தொட்டால், கீழே உள்ள பட்டியல் அந்த நேரத்துக்கு உரியதாக மாறிவிடும். நள்ளிரவு தாண்டி, ஒரு மணி முதல் நான்கு மணிக்குள் இருக்கும் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் கை போனில் இருந்திருக்காது, அதனால் அங்கே தெரியும் செலவு முழுவதும் பின்னணிச் செலவுதான்.

அந்த வசதி இல்லாத போன் என்றால், படுக்கப் போகும் நேரத்தில் 100 வரை சார்ஜ் போட்டு, கேபிளைக் கழற்றிவிட்டுத் தூங்குங்கள். முழு சார்ஜிலிருந்து தொடங்கும் கணக்கு அப்போது தானாகவே இரவின் கணக்காகிவிடும். காலையில் வாட்ஸப்பைத் திறக்கும் முன், எழுந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி பக்கத்தைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் நோண்டிவிட்டுப் பார்த்தால் கணக்கு மறுபடி கலங்கிவிடும்.

அடுத்து, சதவீதம். ஒரு ஆப்புக்கு நேரே 40% என்று இருந்தால் அது பேட்டரியில் நாற்பது சதவீதத்தைத் தின்றது என்று பதறுகிறார்கள். புதிய ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அது செலவான மொத்தத்தில் அந்த ஆப்பின் பங்கு. இரவில் மொத்தம் 5 சதவீதம்தான் இறங்கியது என்றால், 40% காட்டும் ஆப் தின்றது வெறும் 2. அதைத் துரத்துவதில் பயனில்லை. பழைய போன்களிலும் சில நிறுவனங்களின் போன்களிலும் பேட்டரியில் நேரடியாக எவ்வளவு என்று காட்டுவார்கள். உங்கள் போன் எந்த வகை என்று தெரிய, பட்டியலில் உள்ள எண்களைத் தோராயமாகக் கூட்டிப் பாருங்கள். நூறை நெருங்கினால் பங்கு. இறங்கிய அளவை நெருங்கினால் நேரடி அளவு. சிஸ்டத்துக்கான செலவு தனிப் பக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

சதவீதத்தைவிட நான் அதிகம் நம்புவது நேரத்தை. ஆப்பின் பெயரைத் தொட்டால் திரையில் இருந்த நேரம், பின்னணியில் இருந்த நேரம் என்று இரண்டு எண்கள் வரும். Screen time, Background என்ற மாதிரி பெயர்கள், போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். சதவீதம் என்பது ஆண்ட்ராய்டு போடும் மதிப்பீடு. பிராசசர் இவ்வளவு நேரம் ஓடினால் இத்தனை மில்லியாம்பியர் என்று போன் தயாரித்தவர் எழுதி வைத்த அட்டவணையைப் பல போன்களில் அது நம்பியிருக்கிறது. அட்டவணை சரியில்லை என்றால் சதவீதமும் சரியில்லை. நேரம் அப்படியில்லை, எண்ணிய கணக்கு. திரையில் பூஜ்யம், பின்னணியில் ஏழு மணி நேரம் என்று ஒரு ஆப் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அக்காவின் போனில் நடந்ததைச் சொன்னால் இது தெளிவாகும். 5000 மில்லியாம்பியர் மணி பேட்டரி. இரவு பத்தரைக்கு 88, காலை ஆறு மணிக்கு 57. ஏழரை மணி நேரத்தில் 31 சதவீதம், அதாவது மணிக்கு நான்குக்கும் மேலே. மொத்தப் பட்டியலில் வீடியோ ஆப் முதலில் இருந்தது. இரவு இரண்டு மணிப் பட்டையைத் தொட்டதும் அது காணாமல் போய், பள்ளி வேன் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் முதல் இடத்துக்கு வந்தது. முழு இரவையும் சேர்த்துப் பார்த்தால் அதன் பங்கு 46%. இறங்கிய 31-ல் ஏறத்தாழ 14. திரையில் இருந்த நேரம் பூஜ்யம், பின்னணியில் ஏழு மணி பத்து நிமிடம்.

"அதை நான் காலைல ஒரு தடவைதான்டா திறந்து பாக்கறேன்" என்றாள் அக்கா. உண்மைதான். ஆனால் நிறுவிய நாளில் லொகேஷன் அனுமதியில் Allow all the time என்று கொடுத்திருந்தாள். பேட்டரி அமைப்பில் Unrestricted என்று இருந்தது. வேன் வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட, ஆப் அக்காவின் போன் இருக்கும் இடத்தையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வேன் ஷெட்டில் நிற்கும் இரவு இரண்டு மணிக்கும்.

இங்கே உடனே ஆப்பை நீக்கிவிடத் தோன்றும். அதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு இரவு. Settings → Apps → அந்த ஆப் → Battery என்று போனால் Unrestricted, Optimized, Restricted என்று மூன்று நிலைகள் இருக்கும். புதிய பதிப்புகள் சிலவற்றில் Allow background usage என்று ஒரு பொத்தான் வரும். அதை அணைப்பதுதான் Restricted-க்குச் சமம். அந்த ஒன்றை மட்டும் Restricted-க்கு மாற்றிவிட்டு, வைஃபை, சிம், மற்ற ஆப்கள் எதையும் தொடாமல் அதே நேரத்துக்குப் படுக்க வேண்டும். ஒரே இரவில் ஐந்து ஆப்களை அடக்கிவிட்டால் காலையில் சார்ஜ் நின்றிருக்கும், ஆனால் யாரால் நின்றது என்று தெரியாது.

அக்காவின் போனில் மறுநாள் 84-லிருந்து 79. ஐந்துதான். ஆள் அதுதான் என்று உறுதியானது. ஆனால் அன்று காலை வேன் கிளம்பிவிட்டது என்ற அறிவிப்பு வரவில்லை. பின்னணியில் தடை செய்யப்பட்ட ஆப்புக்கு, அதைத் திறந்து வைத்திருந்தால் தவிர புஷ் அறிவிப்பு போய்ச் சேராது. ஆண்ட்ராய்டு 9-லிருந்து அப்படித்தான். Restricted-ஐக் கண்டுபிடிப்பதற்கான கருவியாக வைத்துக்கொள்வது நல்லது. அதுவே நிரந்தர மருந்து என்று எல்லா ஆப்புக்கும் போட்டால் வங்கிச் செய்தியும் வராது, அலுவலக அழைப்பும் வராது.

கடைசியில் செய்தது இரண்டு மாற்றங்கள். பேட்டரி நிலையை Optimized-க்குக் கொண்டுவந்தோம். லொகேஷன் அனுமதியை Allow only while using the app என்று மாற்றினோம். அறிவிப்பு பழையபடி வர ஆரம்பித்தது, இரவில் ஆறு சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை.

இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேட்டரியைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஆப் எதையும் நிறுவாதீர்கள். 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-லிருந்து சாதாரண ஆப்களால் சிஸ்டத்தின் முழு பேட்டரி புள்ளிவிவரத்தைப் படிக்க முடியாது, அந்த அனுமதி சிஸ்டம் ஆப்களுக்கு மட்டும்தான். உங்கள் Settings-க்குத் தெரிந்ததைவிட அவற்றுக்குக் குறைவாகத்தான் தெரியும். போதாததற்கு, அவையே பின்னணியில் ஓடிக்கொண்டு மற்ற ஆப்களைக் கொல்லும், கொல்லப்பட்டவை மறுபடி எழும், அந்த எழுச்சிக்கும் சார்ஜ் செலவாகும்.

Google Play services மேலே நிற்கிறது

இதைப் பார்த்தால் பலரும் கைவிட்டுவிடுவார்கள், ஏனென்றால் இதை நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. இது பெரும்பாலும் தனக்காக ஓடுவதில்லை. மற்ற ஆப்கள் லொகேஷன் கேட்டாலும், புஷ் அறிவிப்பு வாங்கினாலும், கூகுள் கணக்கு ஒத்திசைந்தாலும் அந்த வேலை இதன் வழியாகத்தான் நடக்கிறது. அடுத்தவர் பில் இதன் பெயரில் வந்துவிடுகிறது. அக்காவின் போனிலும் வேன் ஆப்புக்கு அடுத்தபடி இதுதான் இருந்தது, பின்னணியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். வேன் ஆப்பை அடக்கியதும் இது தானாகவே சில நிமிடங்களுக்கு இறங்கிவிட்டது.

பில் யாருடையது என்று பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது Settings → Location. அங்கே சமீபத்தில் லொகேஷனைப் பயன்படுத்திய ஆப்களின் பட்டியல் நேரத்தோடு இருக்கும். நாம் தூங்கிய நேரத்தில் பெயர் இருக்கும் ஆப் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, கணக்குகள் பகுதி. உங்கள் கூகுள் கணக்கைத் தொட்டு ஒத்திசைவுப் பக்கத்துக்குப் போனால், காலண்டர், தொடர்பு எண்கள் என்று ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது முடிந்தது என்று தெரியும். ஏதாவது ஒன்று மட்டும் பழைய தேதியிலேயே நின்று, சுற்றிக்கொண்டே இருந்தால் அது முடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. கணக்கின் பாஸ்வேர்டை வேறு எங்கோ மாற்றிவிட்டு இந்தப் போனில் மறுபடி உள்நுழையாமல் விட்டிருந்தால் இப்படி ஆகும். அந்தக் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரிய சிஸ்டம் அப்டேட் போட்ட ஓரிரு நாட்களில் இப்படித் தெரிந்தால் பொறுத்திருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு போனுக்கு உள்வேலை நிறைய இருக்கும், அது முடிந்ததும் தானாக அடங்கும்.

பட்டியலில் யாருமே இல்லை, ஆனாலும் இறங்குகிறது

இரவுப் பட்டையைத் தொட்டால் எல்லா ஆப்பும் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக இருக்கிறது. இருந்தும் 20 சதவீதம் போய்விட்டது. அப்போது ஆப் பட்டியலை விட்டு சிஸ்டம் பட்டியலைப் பாருங்கள். சில போன்களில் ஆப்கள், சிஸ்டம் என்று மாற்றிப் பார்க்கும் வசதி பட்டியலின் மேலேயே இருக்கும். அங்கே மொபைல் நெட்வொர்க் மேலே நின்றால் சந்தேகப்பட வேண்டியது சிக்னலை. டவரிலிருந்து தூரமாக இருக்கும்போது போன் அதிக பலத்தோடு பேச வேண்டியிருக்கிறது. 5ஜி வந்து வந்து போகும் இடத்தில் 4ஜிக்கும் அதற்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது சிம்முக்கு அந்த அறையில் சிக்னலே இல்லை என்றால், அது டவரைத் தேடிக்கொண்டே கிடக்கும். இந்த நிலையில் போன் பெரும்பாலும் சூடாக இருக்காது, சார்ஜ் மட்டும் இறங்கியிருக்கும்.

உறுதி செய்ய ஒரு இரவு ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள். வைஃபையையும் அணைத்துவிட வேண்டும். அவசர அழைப்பு வர வாய்ப்புள்ள வீடு என்றால் வேறொரு போன் பக்கத்தில் இருக்கட்டும். காலையில் இரண்டு மூன்று சதவீதம்தான் இறங்கியது என்றால், செலவு நெட்வொர்க்கோடு தொடர்புடையது என்று மட்டும் தெரியும். சிக்னலா, நெட்டைப் பயன்படுத்தும் ஆப்பா என்பது இன்னும் தெரியாது. அதைப் பிரிக்க அடுத்த இரவு ஏரோபிளேன் மோடிலேயே வைஃபையை மட்டும் திறந்துவிடுங்கள். அப்போதும் நன்றாக நின்றால் குற்றம் சிக்னலுடையது. நெட்வொர்க் வகையை 4ஜியோடு நிறுத்தி வைப்பது, பயன்படாத சிம்மை அணைப்பது, வீட்டில் வைஃபை அழைப்பு வசதி இருந்தால் அதைத் திறப்பது எல்லாம் உதவும். வைஃபை வந்ததும் மறுபடி இறங்கினால் ஏதோ ஒரு ஆப்தான்.

ஏரோபிளேன் மோடில்கூட இறங்கினால் கதை வேறு. நெட்டே இல்லாமல் போனை விழிக்க வைத்திருக்கும் ஒன்று உள்ளே இருக்கிறது, அல்லது பேட்டரியே தளர்ந்துவிட்டது. இதற்கு சேஃப் மோடில் ஒரு இரவு விட்டுப் பார்க்கலாம். பல போன்களில் பவர் மெனுவில் Power off என்பதை நீண்ட நேரம் அழுத்தினால் சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும். அதில் நீங்களாக நிறுவிய ஆப்கள் எதுவும் ஓடாது. அந்த இரவில் சார்ஜ் நின்றால், நிறுவிய ஆப் ஒன்றுதான் காரணம். எப்போதிலிருந்து இந்தத் தொல்லை என்று யோசித்து, அந்த நாட்களில் போட்டவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். காலை அலாரத்துக்கு நீங்கள் வேறு ஒரு ஆப் பயன்படுத்தினால், சேஃப் மோடில் அது அடிக்காது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் உள்ள போனில் இன்னும் எளிதான ஒரு சோதனை இருக்கிறது. படுக்கும் முன் திரையை மேலிருந்து இரண்டு தடவை இழுத்தால், கீழே இத்தனை ஆப்கள் இயங்குகின்றன என்று ஒரு வரி வரும் போன்கள் உண்டு. அதைத் தொட்டால், நிரந்தர அறிவிப்போடு பின்னணியில் ஓடும் ஆப்களின் பெயரும், பக்கத்தில் நிறுத்தும் பொத்தானும் தெரியும். காலடி எண்ணும் ஆப், விபிஎன், போன் அழைப்பைப் பதிவு செய்யும் ஆப் எல்லாம் இங்கே வந்து நிற்கும். ஸ்மார்ட் வாட்சுக்கான ஆப்பும் நிற்கும். வாட்சைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குபவர் என்றால், அதைத் தேடித் தேடி இணைக்க முயல்வது அந்த ஆப்தானா என்று பாருங்கள்.

எண் படிப்படியாக இறங்காமல் குதிக்கிறது

வரைபடத்தில் கோடு சரிவாக இல்லாமல் 45-லிருந்து 25-க்குச் செங்குத்தாக விழுந்தால், அல்லது அணைத்துப் போட்டதும் எண் மாறினால், ஆப்பைத் தேட வேண்டாம். பேட்டரி பழையதாகிவிட்டது, அல்லது எவ்வளவு மிச்சம் என்று போன் போடும் கணக்கு தப்பாக இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதித்து மாற்றுவதுதான் வழி.

எல்லாம் பார்த்தும் பெயர் கிடைக்கவில்லை

கம்ப்யூட்டரும் கேபிளும் இருந்தால் Settings காட்டாத கணக்கையும் எடுக்கலாம். About phone பகுதியில் Build number-ஐ ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும், அதில் USB debugging-ஐ இயக்குங்கள். கம்ப்யூட்டரில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் இருக்க வேண்டும், போனுக்குக் கட்டளை அனுப்பும் adb என்ற கருவி அதோடு வரும். படுக்கும் முன் பழைய கணக்கை அழித்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள்:

```
adb shell dumpsys batterystats --reset
```

காலையில் மறுபடி செருகியதும் உடனே எடுத்துவிடுங்கள்:

```
adb shell dumpsys batterystats --charged > iravu.txt
```

கோப்பு மிக நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதலில் Time on battery screen off என்று தேடுங்கள். இப்படி ஒரு வரி வரும்:

```
Time on battery screen off: 7h 22m 40s 118ms (98.2%) realtime, 6h 41m 9s 530ms (89.0%) uptime
```

realtime என்பது கடிகாரம் ஓடிய நேரம். uptime என்பது அதில் பிராசசர் விழித்திருந்த நேரம். நன்றாகத் தூங்கிய போனில் இரண்டாவது எண் முதலாவதைவிட மிகச் சிறியதாக இருக்கும், பத்தில் ஒரு பங்கு என்ற அளவில். மேலே உள்ள மாதிரி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் போன் கண்ணை மூடவே இல்லை. மாறாக uptime சிறியதாக இருந்தும் சார்ஜ் இறங்கியிருந்தால் சிக்னல் அல்லது பேட்டரி பக்கம் திரும்பிவிடுங்கள், ஆப்களைத் துருவுவது வீண் வேலை.

விழித்திருந்தது என்றால் அடுத்து தேட வேண்டியது All partial wake locks. பிராசசரைத் தூங்க விடாமல் பிடித்து வைத்தவர்களின் பட்டியல் அது, அதிக நேரம் பிடித்தவர் முதலில் இருப்பார். ஒவ்வொரு வரியிலும் u0a247 என்பது போல ஒரு எண்ணும், பக்கத்தில் ஒரு குறிச்சொல்லும், மொத்த நேரமும் இருக்கும். சில நிமிடங்கள் என்றால் விட்டுவிடுங்கள். மணிக்கணக்கில் இருப்பதுதான் நமக்கு வேண்டும். குறிச்சொல்லில் சில நேரம் ஆப்பின் பெயரே இருக்கும். இல்லை என்றால் அந்த u0a-க்குப் பின்னால் உள்ள எண்ணோடு 10000-ஐக் கூட்டித் தேடலாம். 247 என்றால் 10247:

```
adb shell "pm list packages -U | grep 10247"
```

வருவது com என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர். பெரும்பாலும் பார்த்ததும் எந்த ஆப் என்று புரிந்துவிடும். புரியவில்லை என்றால் அந்தப் பெயரை அப்படியே தேடிப் பாருங்கள்.

எண் u0a என்று தொடங்காமல் வெறும் 1000 என்று இருந்தால் அது சிஸ்டம். அப்போது எண்ணை விட்டுவிட்டுக் குறிச்சொல்லைப் படியுங்கள். சிஸ்டம் வேறு ஒரு ஆப்புக்காக அந்த வேலையைச் செய்திருந்தால் அந்த ஆப்பின் பேக்கேஜ் பெயர் குறிச்சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருப்பதுண்டு. பெயர் கிடைத்ததும் செய்ய வேண்டியது மேலே சொன்ன அதே சோதனைதான்: ஒரு இரவு Restricted, மறுநாள் காலை எண்ணைப் பார்ப்பது. வேலை முடிந்ததும் USB debugging-ஐ அணைத்துவிடுங்கள்.